காக்கைக்கு ஒரு நிமிடம்

தீவுப் பறவைகள் எப்படி அழிந்தன என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்றார் எங்கள் துறைத் தலைவர். முதலாமாண்டு மாணவர்களுக்கு. அதுவும் உயிரியல் படித்தால் டாக்டராகிவிடலாம் என்று வந்து உட்கார்ந்து, அப்படி இல்லை என்று அப்போதுதான் தெரிந்து முகம் தொங்கிப்போயிருக்கும் பிள்ளைகளுக்கு. வெளியிலிருந்து வந்த வேட்டையாடி விலங்குகளால் தீவுப் பறவைகள் குறைந்ததுதான் தலைப்பு. எப்படி ஐந்து நிமிடம் பேசுவது என்று அவர்களுக்கு நான் பேசிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அவர்கள் தங்கள் தலைப்புகளைத் தயார் செய்வார்கள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்துதான், ஆறாவது நிமிடத்தில் மைக்கைப் பிடுங்கிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனுஷர் சிரித்துக்கொண்டு சொன்னால் செய்துவிடுவார்.

"கடைசியில ஒரு லோக்கல் எக்ஸாம்பிள் வை லா. இல்லாட்டி எங்கேயோ நடக்கிற கதைன்னு தூங்கிடுவாங்க" என்றும் சொன்னார்.

எனக்கு எரிச்சல் வந்தது. லோக்கல் எக்ஸாம்பிளுக்கு எங்கே போவது என்று தெரியாமல் வந்த எரிச்சல் அல்ல. என்ன எழுத வேண்டும் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. கிள்ளான் காக்கைதான். அதை விட்டால் பொருத்தமான உதாரணம் இந்த மலாய் நாட்டில் கிடையாது. ஆனால் அந்தத் துறைமுக ஊரில், கிள்ளானில், என் அக்கா இருக்கிறாள்.

அத்தான் போன வருஷம் இறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்குக் கிளம்பும் முன் அடுப்பங்கரையிலேயே நின்றுகொண்டு, கல்லிலிருந்து எடுத்த முதல் தோசையை ஊதி ஊதித் தின்கிறவர். உட்கார்ந்து சாப்பிடுங்க என்று அக்கா முப்பது வருஷமாகக் கத்தியும் அவர் உட்காரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அக்கா தோசை சுட்டு, முதல் தோசையில் ஒரு துண்டைப் பிய்த்து நாலாவது மாடி பால்கனியின் கட்டைச் சுவரில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள். அமாவாசைக்கும் திதிக்கும் எல்லார் வீட்டிலும் காக்கைக்கு வைப்பதுதான். அவள் தினமும் வைத்தாள். காக்கை எடுத்த பிறகுதான் பசியாறுவாள். எடுக்காவிட்டால் தட்டை மூடி வைத்துவிடுவாள்.

இதில் என்ன பயம் என்றால், அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் எழுந்ததும் மாத்திரை போடுவாள். போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. இல்லாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. ஒருமுறை பக்கத்து வீட்டு மலாய் ஆன்டி வந்து பார்த்திருக்காவிட்டால் என் அக்கா இன்று இல்லை. அதற்குப் பிறகுதான் ஒரு காக்கை பழகியது. வலது காலில் ஒரு விரல் இல்லாத காக்கை. அக்கா கூப்பிட்டதும் வந்து நிற்கும். அவள் அதை அத்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வந்தாச்சு" என்பாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவாள். டாக்டரும் நானும் சாதிக்காததை அந்தக் காக்கை சாதித்தது. நான் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியது அதன் தயவில்தான்.

இப்போது அந்தக் காக்கையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

எழுதினேன். வேலை என்று வந்தால் எழுதித்தானே ஆக வேண்டும்? சனிக்கிழமை காலை தாளைப் பையில் போட்டுக்கொண்டு கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். வாரக் கடைசியில் அங்கே போவது வழக்கம். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் பக்கத்தில், புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு காலை நகராட்சி ஆட்கள் இந்த வட்டாரத்தில் பெருகிவிட்ட காக்கைகளைச் சுடுவார்கள், பால்கனியில் நிற்காதீர்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், காக்கைக்கு உணவு போடாதீர்கள் என்று மலாயில் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே யாரோ பேனாவால் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். யாரை மனதில் வைத்து இழுத்தது என்று கேட்க வேண்டியதில்லை. மூன்றாவது மாடியில் காயப்போடும் துணியில் எச்சம் விழுகிறது என்று ஏற்கெனவே இரண்டு தடவை சண்டை வந்திருக்கிறது.

"நோட்டீஸ் பாத்தியாக்கா?"

"பாத்தேன். வருஷா வருஷம் ஒட்டுறாங்க. சுடுறாங்க. காக்கா கொறஞ்சிருச்சா? நீ பசியாறிட்டியா, அதச் சொல்லு."

அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேச்சுப் போட்டி என்றால் அந்தப் பள்ளியில் அவள்தான். பிள்ளைகளை நிற்க வைத்து, கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்து, ஒவ்வொரு வரியாக அறுத்து அறுத்து ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவருவாள். மணியடிக்கும்போது கடைசிச் சொல் வாயில் இருக்க வேண்டும் என்பாள். அத்தான் போன பிறகு எதற்கும் அசையாமல் இருந்தவள், நான் ஒரு பேச்சு எழுதியிருக்கிறேன் என்று வாய் தவறிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"படி. நான் நேரம் பாக்குறேன்."

மாட்டிக்கொண்டேன். சரி, அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் படிக்கலாம், இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அவளுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

நிலத்தில் நடமாடும் பாலூட்டிகள் இல்லாத தீவுகள் இருந்தன. அங்கே பறவைகள் தரையிலேயே கூடு வைத்தன. சில பறவைகள் பறப்பதையே விட்டுவிட்டன. பல பறவைகள் ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். தம்மைத் தின்ன ஒரு விலங்கு வரும் என்ற எச்சரிக்கையே அவற்றுக்கு இல்லை. பிறகு கப்பல்கள் வந்தன. கப்பலோடு எலி வந்தது. எலியைப் பிடிக்க மனிதன் பூனையைக் கொண்டுவந்தான். சரக்கோடு சரக்காகச் சில இடங்களுக்குப் பாம்பு போனது. எலி முட்டையையும் குஞ்சையும் தின்றது, பூனை தாய்ப் பறவையையே பிடித்தது. கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை எழுந்து ஓடவில்லை. ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் தொடர்ந்தேன். அப்படியானால் பூனையைப் பிடித்துவிட்டால் சரியாகிவிடுமா? எப்போதும் அல்ல. எலியும் இருக்கும் தீவில் பூனையை மட்டும் எடுத்தால், பூனைக்குப் பயந்து அடங்கியிருந்த எலி பெருகலாம். அதனால் யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்த்துத்தான் எதையும் செய்ய வேண்டும். சரியாகச் செய்த தீவுகளில் பறவைகள் திரும்பி வந்திருக்கின்றன. நன்றி, வணக்கம்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம்தான் ஆச்சு. மிச்சம் ஒரு நிமிஷம் எங்க?"

"அவ்ளோதான்கா. மெதுவா பேசுனா அஞ்சு வந்துரும்."

"யாருகிட்ட? திரும்பி வந்துச்சுன்னு சொல்லிட்டு பொத்துனு நிக்கிது. அடுத்து ஒண்ணு வரணும். எழுதி வெச்சிருக்க, படிக்க மாட்டேங்குற. எடு."

ஐயோ, இவளிடம் போய் வித்தை காட்டினேனே என்று நொந்துகொண்டேன். வேறு வழியில்லை, எடுத்தேன். படித்தேன்.

நாம் இருப்பது தீவு அல்ல. இங்குள்ள பறவைகள் பாம்போடும் பூனை இனங்களோடும் காலங்காலமாக வாழ்ந்து பழகியவை. ஆனால் நம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காக்கை, தானாக இங்கே வரவில்லை. கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழு தின்பதற்காகச் சிலோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய்விட்டது, காக்கை நின்றுவிட்டது. நம் குப்பையைத் தின்று பெருகியது. இதே இனம் கப்பலில் தொற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் போயிருக்கிறது. அங்கே மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் கூட்டிலிருந்தே தூக்குகிறது. இந்தக் குற்றவாளிக்குத் தினமும் சோறு போடுவது யார்? நாம்தான்.

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஸ்டார்ட் ஆனதும் அக்கா கடிகாரத்தைத் தள்ளி வைத்தாள்.

"நெசமா?"

"நெசம்தான்கா."

"குஞ்சைத் தூக்குமா?"

"தூக்கும். இங்கேயும் தூக்கும்."

"நம்மளையும் அந்தக் காப்பித் தோட்டத்துக்குத்தானேடி கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தானுங்க."

"அக்கா, அந்தப் பக்கம் போகாத. மனுஷன் வேற, பறவை வேற. எவனாவது அப்படிப் பேசுனா பல்லைத் தட்டிருவேன்." கோபம் வந்துவிட்டது. அவள் மேல் அல்ல. நம்மையும் வந்தேறிகள் என்று பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். உடனே குரலை இறக்கினேன். "நீ போடுற ஒரு துண்டு தோசையில ஒண்ணும் ஆகிறாது. பாசார்ல கொட்டுற கோழிக் குடலு, மீன் செதிலு, அதுலதான் காக்கா பெருகுது. உன்னைச் சொல்லல."

"என்னை விட்டுட்டு மத்தவங்க எல்லாரும் நிறுத்தணும்னு எழுதுவியா? பிள்ளைங்க முன்னாடி நிக்கிறப்போ வீட்டு ஆளுக்கு ஒரு நியாயம் வெக்கக் கூடாது." தாளை வாங்கிக்கொண்டாள். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள். "குற்றவாளி வேணாம். அதுக்குக் குத்தம் எங்க தெரியும்? கொண்டாந்தவனைச் சொல்லு. அது செய்யிறதைச் சொல்லு. திட்டாத. மத்தபடி இந்த நிமிஷம்தான் இதுல நல்லா இருக்கு. இதை எடுத்தீன்னா உன் பேச்சே வேணாம்."

நல்லா இருக்கு என்று என் அக்கா சொல்லி நான் கேட்டு எத்தனையோ காலம். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

மறுநாள் தூறலோடு விடிந்தது. அக்கா மாத்திரை போட்டாள், தோசை சுட்டாள், முதல் தோசையைத் தட்டில் வைத்து மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பால்கனிப் பக்கம் போகவே இல்லை. காக்கை வந்துவிட்டது. கட்டைச் சுவரில் அங்குமிங்கும் நடந்தது. கத்தியது. ஜன்னல் கம்பியை அலகால் கொத்தியது. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடுக்கா."

"சாப்பிடுறேன்."

"எப்போ? மாத்திரை போட்டாச்சில்ல?"

"சாப்பிடுறேன்னு சொன்னேன்ல."

ஒரு துண்டு பிய்த்தாள். வாய்வரை கொண்டுபோய்க் கீழே வைத்தாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், ஊட்டிவிடப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. தண்ணீர்க் குவளையை எடுத்த கை நடுங்கியது. தீவாவது, முட்டையாவது! தட்டிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடி, கட்டைச் சுவரில் வைத்து, நானே காக்கையைக் கூப்பிட்டேன். நாலு மாடிக்கும் கேட்டிருக்கும். கொஞ்சம் ஒதுங்கிப் போயிருந்த அது திரும்பி வந்து எடுத்தது.

"வந்தாச்சுக்கா! பாரு, எடுத்துருச்சு! சாப்பிடு!"

நோட்டீஸ் என் நினைவில் இல்லாமல் இல்லை. மழை தூறுகிறதே, வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். காக்கை தோசையோடு கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் இருக்கும் மரத்துக்குப் பறந்தது. அங்கே போய் உட்கார்ந்துதான் எப்போதும் தின்னும். மரத்துக்குக் கீழே பளபளக்கும் சட்டை போட்ட இரண்டு பேர் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். துப்பாக்கி வெடித்தது. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிக் கத்தின. மறுபடி வெடித்தது. வானம் முழுக்கக் கத்தல்.

உள்ளே ஓடி, இனிப்புத் தேநீரைக் கலக்கி அக்காவின் வாயில் வைத்தேன். இந்தத் தடவை குடித்தாள். தோசையைப் பிய்த்து ஊட்டினேன், மென்றாள். சத்தம் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. அவள் காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. அவள் கை நடுக்கம் நின்ற பிறகு, ரொட்டி வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கீழே போனேன்.

சுட்டு முடித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "பாஸ், கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாக்கை விரித்துக் காட்டினார். மேலாகவே கிடந்தது. வலது காலில் ஒரு விரல் இல்லை. அலகில் தோசையின் வெள்ளை ஒட்டியிருந்தது. எதற்காகப் பார்க்கிறேன் என்று அவர் கேட்டதற்கு, நான் காலேஜில் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

மேலே வந்தபோது அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொட்டி எங்க?"

"கடை தொறக்கல."

"அந்தச் சாக்குல இருந்துச்சா?"

நான் கீழே நின்றதை மேலிருந்து பார்த்திருக்கிறாள். "இல்லக்கா" என்றேன். "நல்லாப் பாத்தேன். நம்ம காக்கா இல்ல. எங்கேயோ பறந்து போயிருச்சு. நாளைக்கு வரும் பாரு."

அக்கா துணியை மடித்து வைத்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"உன் பேச்சுல மறுபடியும் ஒரு நிமிஷம் கொறையுதுடி."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்திரி, ட்ரெயினுக்கு நேரமாகுது" என்று முதுகைத் தட்டினாள். இருந்துவிடுகிறேன் என்றதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னோடு வா என்றதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மாணவர்கள் முன்னால் பேசினேன். ஒரு சொல்கூட விடவில்லை. குற்றவாளி என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். துறைத் தலைவர் மைக்கைப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை, ஐந்து நிமிடத்தில் கச்சிதமாக முடிந்தது. பந்திங்கிலிருந்து வரும் ஒரு மாணவி கை தூக்கினாள். "மிஸ், எங்க வீட்லயும் காக்காவுக்கு வெப்போம். நிறுத்தச் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். பாடத்தில் இருக்கும் பதில்கள் எல்லாம் எனக்குத் தெரியும். "முதல்ல அவங்க சாப்பிட்டாங்களான்னு பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அஞ்சு நிமிஷம் வந்துச்சா?"

"வந்துச்சு. நீ பசியாறிட்டியா?"

"ம்."

அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியான வகுப்பைச் சக ஆசிரியையின் தலையில் கட்டிவிட்டு ரயிலேறினேன். அக்கா கதவைத் திறந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மேசையில் தட்டு மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். காலையில் சுட்ட தோசை, ஒரு ஓரம்கூடப் பிய்க்காமல்.

"மாத்திரை?"

"போடல. போட்டாத்தானே மயக்கம் வருது."

மூன்று நாளாகப் போடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் அதற்குள் அடுப்பைப் பற்ற வைத்துக் கல்லைப் போட்டாள். ஒரு தோசை சுட்டாள். சுடச்சுட ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி, என் முன்னால் நீட்டினாள்.

"நீ முதல்ல சாப்பிடு."

"எனக்குப் பசிக்கலக்கா."

"சாப்பிடுடி."

வாயில் போட்டுக்கொண்டேன். நான் மென்று விழுங்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழுத் தோசையையும் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. வாரக் கடைசியில் நேரில். மற்ற நாள்களில் காலையில் வீடியோ கால் போட்டுப் போனைச் சுவரில் சாய்த்து வைப்பேன். ரொட்டியோ இட்லியோ, நான் முதல் வாய் தின்பதை அவள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் கை நனைப்பாள். மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறாள். டாக்டர் சந்தோஷப்படுகிறார். கட்டைச் சுவர் சுத்தமாக இருக்கிறது, மூன்றாவது மாடிக்காரர்கள் இப்போது அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். தொண்டையில் எச்சில்கூட இறங்கவில்லை. அப்படியே படுத்திருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து, அவள் பார்க்க விழுங்கினேன்.